உருகிய பனி ஏன் திரும்பி வருவதில்லை: காலநிலையின் கவிழ்நிலைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவிழ்நிலை என்றால் என்ன? பூமி மெல்ல மெல்லச் சூடாவதிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஆங்கிலத்தில் டிப்பிங் பாயிண்ட் என்று வழங்குவதையே இங்கே கவிழ்நிலை என்று எழுதுகிறேன். அலையில் ஒரு பக்கமாகச் சாயும் வள்ளம் தானாகவே நிமிர்ந்துகொள்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட சாய்வைத் தாண்டிவிட்டால், அதன்பின் அலையே இல்லாவிட்டாலும் வள்ளம் தன் எடையாலேயே கவிழ்ந்துபோகும். கவிழ்ந்த வள்ளமும் தலைகீழாக, நிலையாகவே மிதக்கும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அலை அடங்கிவிட்டது என்பதற்காக அது நிமிர்வதில்லை. கவிழ்த்த அலையைவிடப் பெரிய விசையைக் கொடுத்துத்தான் அதை நிமிர்த்த வேண்டியிருக்கிறது.

காலநிலையின் பெரும்பாலான மாற்றங்கள் இப்படிப்பட்டவை அல்ல. வெப்பம் ஏறினால் அவை அந்த அளவுக்கு மாறும், வெப்பம் இறங்கினால் அந்த அளவுக்குத் திரும்பும். ஆனால் சில பெரிய அமைப்புகள் தம் இருப்பையே தமக்கு ஆதாரமாகக் கொண்டிருக்கின்றன. கிரீன்லாந்தின் பனி அங்கே இருப்பதற்கு அந்தப் பனியும் ஒரு காரணம். அமேசானில் மழை பெய்வதற்கு அந்தக் காடும் ஒரு காரணம். இத்தகைய அமைப்பு ஓரளவுக்கு மேல் தேய்ந்துவிட்டால், அதைத் தாங்கி நின்றதும் சேர்ந்தே தேய்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் வெப்பம் கூடாவிட்டாலும் சரிவு தானாகவே தொடர்கிறது.

வெப்பநிலை பழையபடி குறைந்தால், உருகிய பனி மீண்டும் உறைந்துவிடாதா?

குளிர்சாதனப் பெட்டியின் பனிக்கட்டித் தட்டைப் போலப் பனிவிரிப்பை நினைத்துக்கொள்வதால் எழும் கேள்வி இது. கிரீன்லாந்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்த்தால் விடை தெளிவாகும்.

கிரீன்லாந்தின் பனிவிரிப்பு நடுப்பகுதியில் சுமார் 3 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்று குளிர்கிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்பது பொதுவான கணக்கு. மேட்டுப்பாளையத்தில் வியர்த்து நின்றவர் உதகமண்டலத்தில் கம்பளி தேடுவது இந்தக் கணக்கினால்தான். கிரீன்லாந்தின் மேற்பரப்பும் அதே காரணத்தால்தான் கடுங்குளிரில் இருக்கிறது. ஆனால் அங்கே அந்த உயரத்தைத் தருவது மலை அன்று, பனியேதான்.

இப்போது வெப்பம் சற்று ஏறி, பனிவிரிப்பின் ஓரங்களில் உருகுதல் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் மேற்பரப்பு 300 மீட்டர் தாழ்ந்துவிட்டால், அந்த இடத்தின் காற்று ஏறத்தாழ 2 டிகிரி கூடுதல் வெப்பமாகிறது. இந்த 2 டிகிரி எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வந்ததன்று. பனி இறங்கியதால் மட்டுமே வந்தது. கூடுதல் வெப்பம் கூடுதல் பனியை உருக்குகிறது, மேற்பரப்பு இன்னும் தாழ்கிறது, இன்னும் வெப்பமான காற்றுக்குள் அது இறங்குகிறது. கோடையில் உருகிப்போகும் அளவு, குளிர்காலத்தில் சேரும் அளவை நிரந்தரமாக விஞ்சிவிடும் கட்டத்தில், பனிவிரிப்பின் பெரும்பகுதி போய்ச்சேரும்வரை இது நிற்பதில்லை.

அந்தப் பனி முழுவதும் போய், தரை வெளிப்பட்டுவிட்ட பிறகு உலக வெப்பநிலையை இன்றைய அளவுக்கே கொண்டுவந்தாலும் என்ன நடக்கும்? புதிய பனி இப்போது விழ வேண்டியது 3,200 மீட்டர் உயரத்தில் அன்று, தாழ்ந்த வெறும் தரையில். பனியின் எடையால் அமுங்கியிருந்த அந்தத் தரை மெல்ல மெல்ல மேலெழும் என்பது உண்மை. ஆனாலும் பழைய உச்சியின் உயரத்துக்கு அது அருகில்கூட வராது. குளிர்காலத்தில் விழும் பனி கோடையில் உருகிவிடும். ஆண்டுக்கு ஆண்டு அடுக்கு சேராது. மீண்டும் ஒரு பனிவிரிப்பு முளைக்க வேண்டுமானால், இன்றைய பனிவிரிப்பைக் காப்பாற்றப் போதுமான குளிரைவிட மிகுதியான குளிர் நெடுங்காலம் நீடிக்க வேண்டும். போன வழியிலேயே திரும்ப முடியாத இந்தத் தன்மைக்கு இயற்பியலில் ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். மீளமுடியாது என்று அறிவியலாளர்கள் சொல்வதன் துல்லியமான பொருள் இதுதான். என்றென்றைக்கும் நடவாது என்பதன்று.

கிரீன்லாந்துக்கான வரம்பு, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.5 டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்பது 2022-இல் வெளிவந்த விரிவான மதிப்பீடு. அது 0.8 முதல் 3 டிகிரிக்குள் எங்கும் இருக்கலாம். இந்த இடைவெளியின் கீழ்முனையை நாம் ஏற்கெனவே கடந்துவிட்டோம். கிரீன்லாந்து முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் 7 மீட்டருக்கும் மேல் உயரும். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் அல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

மேற்கு அண்டார்க்டிகாவைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்? அங்கே குளிர் மிகுதிதானே?

அங்கே காற்று பனியை உருக்குவதில்லை, கடல்தான் உருக்குகிறது. மேற்கு அண்டார்க்டிகாவின் பனிவிரிப்பு பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள படுகையின்மேல் அமர்ந்திருக்கிறது. பனி தரையைவிட்டு மிதக்கத் தொடங்கும் இடத்தைத் தரைதொடு கோடு என்று சொல்லலாம். அந்தக் கோட்டுக்கு அப்பால், கடலில் மிதந்தபடி இருக்கும் பனித்தட்டு உள்ளிருந்து வரும் பனியாற்றை அணைபோலத் தடுத்து நிற்கிறது. மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் நேரடியாக உயர்வதில்லை. ஆனால் அணை மெலிந்தால் அதன் பின்னாலுள்ள பனி வேகமாகக் கடலுக்குள் இறங்குகிறது.

அமுண்ட்சன் கடலோரத்தில் உள்ள திவெய்ட்ஸ் பனியாறு இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. அதன் முகப்பு சுமார் 120 கிலோமீட்டர் அகலம். ஆழ்கடலிலிருந்து மேலேறி வரும், உறைநிலையைவிடச் சில டிகிரி மட்டுமே வெதுவெதுப்பான நீர் அதன் அடிப்பகுதியை அரிக்கிறது. அபாயம் அடித்தரையின் வடிவத்தில் இருக்கிறது. வழக்கமாகக் கரையிலிருந்து உள்ளே போகப்போகத் தரை உயரும். இங்கே அது உள்ளே போகப்போகத் தாழ்கிறது. உட்பகுதியில் கடல் மட்டத்துக்கு 1 கிலோமீட்டருக்கும் கீழே செல்கிறது. எனவே தரைதொடு கோடு பின்வாங்கும் ஒவ்வோர் அடியிலும் அதன்மேல் நிற்கும் பனியின் தடிமன் கூடுகிறது. தடிமன் கூடினால் கடலுக்குள் வழியும் பனி பன்மடங்கு கூடுகிறது. 2007-இல் கிறிஸ்டியன் ஷூஃப் என்ற கணிதவியலாளர் தந்த சமன்பாட்டின்படி, தாங்கி நிற்கும் பனித்தட்டு இல்லாத நிலையில், தரைதொடு கோட்டில் தடிமன் இரு மடங்கானால் வழியும் பனி இருபது மடங்குக்கும் மேல் ஆகிறது. வெளியேறுவது கூடினால் கோடு மேலும் பின்வாங்கும், அங்கே தடிமன் இன்னும் கூடும். மேடான ஒரு பாறை முகட்டில் சிக்கினாலன்றி இந்தப் பின்வாங்கல் நிற்பதற்குக் காரணமே இல்லை.

இந்த அச்சத்தை முதன்முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்கப் பனியியலாளர் ஜான் மெர்சர். 1978-இலேயே அவர் எச்சரித்தார். அன்று பலர் அதை மிகை என்றே கருதினர்.

திவெய்ட்ஸ் ஏற்கெனவே வரம்பைத் தாண்டிவிட்டதா?

தாண்டியிருக்கலாம். 2014-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், ஒன்று செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டும் மற்றொன்று கணினி மாதிரிகளைக் கொண்டும், அப்பகுதியின் பின்வாங்கல் தொடங்கிவிட்டதற்கான அறிகுறிகள் தெரிவதாகச் சொல்லின. மாதிரி ஆய்வு, முழுச் சரிவுக்கு 200 முதல் 900 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று கணித்தது. 2023-இல் வந்த இன்னோர் ஆய்வு, எதிர்கால உமிழ்வு எந்த வழியில் சென்றாலும் அமுண்ட்சன் கடல் இந்த நூற்றாண்டில் கடந்த நூற்றாண்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகச் சூடாகும் என்று காட்டியது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கனம் இன்னும் இறங்கவில்லை.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டிய எதிர்ப்பக்கமும் உண்டு. பனிச்சுவர்கள் தம் உயரத்தைத் தாங்காமல் அடுத்தடுத்து இடிந்துவிழும் என்று 2016-இல் முன்வைக்கப்பட்ட கருதுகோள், இந்த நூற்றாண்டில் திவெய்ட்ஸுக்குப் பொருந்துவது ஐயத்துக்குரியது என்று 2024-இல் வந்த ஆய்வு கூறுகிறது. அப்பகுதியின் அடியில் உள்ள புவிமேலோட்டுக்குக் கீழான அடுக்கு மென்மையாக இருப்பதால், பனி குறையக்குறையத் தரை ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் அளவில் மேலெழுவது அளக்கப்பட்டிருக்கிறது. அது பின்வாங்கும் கோட்டுக்கு ஒரு தடையாகலாம். "உலகமுடிவுப் பனியாறு" என்று செய்தித் தலைப்புகள் வைக்கும் பெயர், நாளையே அது விழப்போகிறது என்ற பிழையான எண்ணத்தைத் தருகிறது. திவெய்ட்ஸ் மட்டும் முழுவதும் போனால் கடல் மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். அது அண்டைப் பனியையும் இழுத்துக்கொண்டு போனால் மேற்கு அண்டார்க்டிகாவிலிருந்து 3 மீட்டருக்கும் மேல்.

திரும்பி வரும் வழியைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் காலநிலை ஆய்வு நிறுவனத்தினர் 2020-இல், அண்டார்க்டிகாவை மாதிரியில் மிக மெதுவாகச் சூடாக்கி, பின்னர் அதே மெதுவில் குளிர்வித்துப் பார்த்தனர். மேற்கு அண்டார்க்டிகாவின் பனி ஒருமுறை போய்விட்டால், தொழிற்புரட்சிக்கு முந்தைய வெப்பநிலைக்கு வந்தாலும் அது இன்றைய எல்லைக்கு மீளவில்லை. அதற்கும் கீழே குறைந்தது 1 டிகிரி குளிர வேண்டியிருந்தது. நம் பேரப்பிள்ளைகள் உமிழ்வை அடியோடு நிறுத்தி, காற்றையும் கழுவி முடித்தாலும் போதாது என்பதுதான் இதன் பொருள்.

இப்படி முன்பு எப்போதாவது நடந்ததற்குச் சான்று உண்டா?

உண்டு. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இரு பனியுகங்களுக்கு இடைப்பட்ட காலத்தில், உலகம் ஏறத்தாழ இன்றைய அளவே வெப்பமாக இருந்தபோது, கடல் மட்டம் இப்போதையதைவிடப் பல மீட்டர் உயர்ந்திருந்தது. அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் அழகான தடயம் 2023-இல் ஆக்டோபஸ் ஒன்றின் மரபணுவிலிருந்து கிடைத்தது. அண்டார்க்டிகாவின் எதிரெதிர்ப் பக்கங்களான வெட்டல் கடலிலும் ராஸ் கடலிலும் வாழும் டர்க்கே ஆக்டோபஸ்களுக்கு இடையே இன்று பனிவிரிப்பு குறுக்கே நிற்கிறது. ஆனால் அவற்றின் மரபணுக்கள், அந்த வெப்பக் காலத்தை ஒட்டி இரு கூட்டங்களும் நேரடியாகக் கலந்திருந்ததைக் காட்டுகின்றன. அவை நீந்திச் செல்ல அங்கே கடல்வழி திறந்திருந்தால்தான் அது நடக்கும். அதாவது மேற்கு அண்டார்க்டிகாவின் பனி அன்று சரிந்திருந்தது.

கிரீன்லாந்திலும் ஒரு சான்று உறைபெட்டிக்குள் பல்லாண்டுகள் கிடந்தது. கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமில் 1966-இல் பனியைத் துளைத்து எடுத்த உருளையின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அதில் இலைத் துணுக்குகளும் பாசியும் இருந்தன. சுமார் 4,00,000 ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் பனியே இல்லை என்பது 2023-இல் உறுதியானது.

அமேசான் காடு அழிந்தால் மரங்கள் மீண்டும் முளைக்காதா?

சிறு பரப்பை வெட்டி, சுற்றிலும் காட்டை விட்டுவைத்தால் முளைக்கும். பெரும்பரப்பு போனால் முளைப்பதற்கான மழையே போய்விடும்.

அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்று கிழக்கிலிருந்து காட்டுக்குள் நுழைந்து மழையாகப் பெய்கிறது. மரங்களின் வேர்கள் அந்நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக விடுகின்றன. அது மேற்கே நகர்ந்து மீண்டும் மழையாகிறது. ஆண்டீஸ் மலையை எட்டுவதற்குள் ஒரே நீர் பலமுறை மண்ணுக்கும் வானுக்கும் போய்வருகிறது. பிரேசில் அறிவியலாளர் எனெயாஸ் சலாட்டி 1970-களில் மழைநீரின் ஆக்சிஜன் அணுக்களை எடைபார்த்து இதை நிறுவினார். கனமான ஆக்சிஜன் கொண்ட நீர் முதலில் பெய்துவிடும் என்பதால், உள்நாட்டில் பெய்யும் மழை வரவர இலேசாக வேண்டும். அமேசானில் அந்தக் குறைவு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிதாக இருந்தது, ஏனெனில் பெய்த நீரை மரங்கள் பிரித்தறியாமல் அப்படியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அமேசானின் மழையில் ஏறக்குறைய பாதி அப்படித் திரும்பப் பெய்வது என்று அவர் கணித்தார்.

மழையை அடுத்து நெருப்பு. அடர்ந்த காட்டின் தரை ஈரமாக இருப்பதால் அங்கே தீ பரவுவது அரிது; அதனால் அம்மரங்கள் மெல்லிய பட்டையோடு வளர்ந்துவிட்டன. விதானம் திறந்தால் வெயில் தரையை உலர்த்துகிறது, புல் நுழைகிறது, புல் எளிதில் எரிகிறது, எரியும் புல் இளங்கன்றுகளைக் கொல்கிறது. புல்வெளி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் இன்னொரு நிலைத்த நிலை. அதுவே கவிழ்ந்து மிதக்கும் வள்ளம். 2011-இல் செயற்கைக்கோள் படங்களை அலசிய இரு ஆய்வுகள், ஒரே அளவு மழை பெறும் இடங்களில் அடர்காடோ சவானா புல்வெளியோ இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காணப்படுகிறது என்றும், இடைப்பட்ட நிலை அரிதாகவே இருக்கிறது என்றும் கண்டன.

அமேசானின் வரம்பு எங்கே இருக்கிறது?

வெப்பமும் வெட்டுதலும் கூட்டாகத் தாக்குவதால் ஒற்றை எண் சொல்ல முடியாது. சூழலியலாளர் தாமஸ் லவ்ஜாயும் காலநிலை அறிவியலாளர் கார்லோஸ் நோப்ரேயும் 2018-இல், காட்டின் 20 முதல் 25 விழுக்காடு அழிந்தால் கிழக்கு, தெற்கு, நடுப்பகுதிகள் கவிழக்கூடும் என்றனர். ஏறத்தாழ 17 விழுக்காடு ஏற்கெனவே போய்விட்டது. வெப்பம் மட்டுமே காரணமாக இருந்தால் வரம்பு 3.5 டிகிரியை ஒட்டி இருக்கலாம் என்பது மேலே சொன்ன 2022 மதிப்பீடு. இந்த நூற்றாண்டுக்குள் முழு அமேசானும் கவிழும் என்பதில், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி குறைந்த நம்பிக்கையே தெரிவித்திருக்கிறது. காடு முழுவதும் ஒரே நாளில் புல்லாகிவிடும் என்று எழுதுபவர்களை நான் ஏற்பதில்லை; அது ஓரத்திலிருந்து, பகுதி பகுதியாக நடக்கும். தென்கிழக்கு ஓரத்தில் அது தெரியத் தொடங்கியும் விட்டது: 2010 முதல் 2018 வரை விமானங்களிலிருந்து காற்றை அளந்த லூசியானா கட்டியின் குழு, அப்பகுதி உறிஞ்சும் கார்பனைவிட வெளியிடும் கார்பனே மிகுதி என்று 2021-இல் அறிவித்தது.

வரம்பு நெருங்குவதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

ஓரளவுக்கு உண்டு. நிலைத்தன்மை இழக்கும் அமைப்பு, சிறு அதிர்ச்சியிலிருந்து மீள எடுத்துக்கொள்ளும் காலம் நீண்டுகொண்டே போகும். முதுமையில் ஒரு காய்ச்சலிலிருந்து எழ நாட்கள் கூடுவதைப் போல. அமேசானில் வறட்சிக்குப் பின் காடு எவ்வளவு விரைவாகத் தேறுகிறது என்று செயற்கைக்கோள் பதிவுகளில் பார்த்தபோது, 2000-களின் தொடக்கம் முதல் காட்டின் முக்கால் பங்குக்கு மேல் தேறும் வேகத்தை இழந்திருப்பது 2022-இல் தெரியவந்தது. மனித நடமாட்டத்துக்கு அருகிலும், மழை குறைந்த இடங்களிலும் இழப்பு மிகுதி.

இந்த முறை நெருங்குகிறோம் என்று சொல்லும், எவ்வளவு தூரம் இருக்கிறது என்று சொல்லாது. பனிவிரிப்புகளில் இது இன்னும் கடினம், ஏனெனில் அவை ஓர் அதிர்ச்சிக்குப் பதில் சொல்லவே நூற்றாண்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

ஆர்க்டிக் கடலின் பனி மறைவதும் கவிழ்நிலைதானா?

கோடைக்காலக் கடற்பனி அப்படியன்று. வெண்பனி மறைந்து கருநீர் வெயிலை உறிஞ்சும் சுழற்சி அங்கே உண்டு. ஆனால் குளிர்கால இருளில் திறந்த கடல் வெப்பத்தை விரைவாக இழந்து மீண்டும் உறைந்துவிடுகிறது. உலகம் குளிர்ந்தால் கடற்பனி சில ஆண்டுகளிலேயே திரும்பும்.

அண்டார்க்டிகா அவ்வளவு தொலைவில் இருக்க, நம் கரைகளுக்கு அதனால் என்ன?

தொலைவாக இருப்பதே பாதகம். பனிவிரிப்பின் பெரும் நிறை தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளர்ந்து, அண்டார்க்டிகாவின் அருகே கடல் தாழும். விலகிய நீர் தொலைவில் சேரும். மேற்கு அண்டார்க்டிகாவின் பனி கரைந்தால் இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டம் உலகச் சராசரியைவிடக் கூடுதலாக உயரும் என்று கணக்குகள் காட்டுகின்றன. நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சராசரி எண்ணைக் கொண்டு திட்டமிடுவது பிழை.

1.5 டிகிரியைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. 2024-ஆம் ஆண்டின் சராசரி 1.5 டிகிரியைத் தாண்டியது. ஆனால் ஓராண்டுக் கணக்கு அன்று, நீண்டகாலச் சராசரியே பொருட்டு. அந்தச் சராசரி தாண்டினாலும், எவ்வளவு தாண்டுகிறோம், எத்தனை காலம் அங்கே தங்குகிறோம் என்பவை சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. வரம்புக்கு அப்பால் சாய்ந்த வள்ளமும் கவிழ்ந்து முடிய நேரம் எடுக்கும். அதற்குள் இழுத்துப் பிடித்தால் நிமிர்த்திவிடலாம்.

2023-இல் கிரீன்லாந்தைப் பற்றிய ஒரு மாதிரி ஆய்வு, வரம்பைத் தற்காலிகமாகத் தாண்டினாலும் சில நூற்றாண்டுகளுக்குள் வெப்பத்தை 1.5 டிகிரிக்குள் இறக்கினால் பெரும் சரிவைத் தவிர்க்கலாம் என்று காட்டியது. பனிவிரிப்பின் மந்தம் தரும் அவகாசம் அது. அமேசானுக்கு அந்த அவகாசம் இல்லை. காடு பல பத்தாண்டுகளுக்குள் மாறிவிடக்கூடியது. உமிழ்வை நிறுத்தினால் வெப்பம் ஏறுவது ஏறக்குறைய நிற்கும், ஆனால் நூற்றாண்டுகளுக்கு இறங்காது, ஏனெனில் காற்றில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு அவ்வளவு மெதுவாகவே குறைகிறது. இறக்க வேண்டுமானால் அதைக் காற்றிலிருந்து வெளியே எடுத்தாக வேண்டும். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு டிகிரியும் அப்படி எடுக்க வேண்டிய அளவைக் கூட்டுகிறது, அதற்குக் கிடைக்கும் காலத்தைக் குறைக்கிறது.